பெரியம்மாள் திரும்ப வாங்கிவந்த எண்ணெய்

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள் பெரியம்மாள். பெயரைக் கேட்டு வயதானவள் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அவளுக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது. குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட அவளைக் கூப்பிடத் தயங்குவாராம். நான் ஆட்டோ ஓட்டுகிறவன், பெயர் காளிச்சாமி. அவள் வீட்டுச் சாமான் மில்லுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் பெரும்பாலும் என் வண்டியில்தான் போகும். அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவர்களுடையது பெரிய தோட்டம் இல்லை. வீட்டைச் சுற்றி ஒன்பது தென்னை, கிணற்றடியில் நான்கைந்து நேந்திரன் வாழை, மேற்கு ஓரத்தில் ஒரு புளியமரம். வாசல் இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். பெரியம்மாளின் கணவன் நல்லமுத்து கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வியாபாரி ஆள் அனுப்பித் தேங்காயைப் பறித்துப்போவார். மாசியில் புளியை மரத்தோடு விலைபேசி வேறொருவர் உலுக்கிக்கொண்டு போவார். வாழைத்தாரை உறவுக்காரர்களுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் மரத்திலேயே பழுத்து அணில் தின்னும். சம்பளம் வந்துகொண்டிருந்த வீட்டில் இதையெல்லாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தை மாதம் நல்லமுத்து வேலைசெய்கிற இடத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்க நிற்க முடியாது என்று ஆகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்த மனிதன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மகள் யோகப்பிரியா கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தேங்காய் பறிக்க ஆள் வந்தபோது பெரியம்மாள் வாசலில் நின்று சொன்னாள்.

"பறிச்சுப் போட்டுட்டுப் போங்க. காய் இந்தத் தடவ இங்கயே இருக்கட்டுமுங்க."

"என்ன பண்ணப்போறீங்க இத்தன காய வெச்சு?"

"கொப்பரை போட்டுப் பாக்கறனுங்க."

காயை உரித்து, இரண்டாக உடைத்து, தண்ணீரை வடித்து, மூடிகளை வாய் மேலாக வெயிலில் அடுக்கினாள். இரண்டு நாள் நல்ல வெயில் பட்டால் பருப்பு சுருங்கிச் சிரட்டையைவிட்டுக் கழன்று வரும். பிறகு பருப்பை மட்டும் மறுபடி காயவைக்க வேண்டும். வளைத்தால் பட்டென்று உடைய வேண்டும். அதுதான் கணக்கு. அவளுக்கு இரண்டாம் நாள் கழலவில்லை. மூன்றாம் நாளும் பாதிதான் கழன்றது. காரணம் புளியமரம். மத்தியானம் ஒரு மணி தாண்டியதும் அதன் நிழல் வாசலில் விழ ஆரம்பிக்கும். மூன்று மணிக்கு வாசல் முழுக்க நிழல்.

கட்டிலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்த நல்லமுத்து சொன்னான்: "மரத்த வெட்டிப்போடலாம் பெரியா. வெறகாவது ஆகும். வாசல் பூரா வெயில் கெடைக்கும்."

"காய் பழுத்துத் தொங்குது. இப்பப் போயி வெட்டறதுங்களா?"

"அதெல்லாம் வெலைக்கு எடுக்கறவன் வருவான், குடுத்துட்டு வெட்டிக்கலாம்."

"இந்த வருசம் நானே உலுக்கறனுங்க. அப்பறமும் உங்களுக்கு வெட்டணும்னு தோணுச்சுன்னா நான் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. புளியை உலுக்க என் தம்பியையும் இன்னொருவரையும் கூப்பிட்டாள். ஓட்டோடு மூன்று நாள் காயவைத்து, தட்டி ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை எடுக்க வேண்டும். வெயிலில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது. மத்தியானத்துக்குமேல் அந்த மரத்து நிழலிலேயே சாக்கு விரித்து, மரப்பலகையில் வைத்து, சின்ன மரச்சுத்தியால் தட்டிக் கொட்டையைத் தெறிக்கவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூலிக்கு வந்தார்கள். நான்காம் நாள் போனபோது நல்லமுத்தும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி வைத்துக்கொண்டு மடியில் பலகையோடு கொட்டை தட்டிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் சுத்தி பிடித்த கை. அடி தவறாமல் விழுந்தது. பெண்கள் மூன்று பேர் எடுத்த அளவுக்கு அவன் ஒருவன் எடுத்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொட்டை எடுத்த புளியை ஒருநாள் மட்டும் வெயில் காட்டி, கல்லுப்புத் தூவி அழுத்தி, மண்பானையிலும் மீதியைக் கட்டியாகப் பொட்டலத்திலும் வைத்தார்கள். ரொம்பக் காய்ந்தால் இறுகிப் போகும், காயாவிட்டால் புழு வரும். கொட்டையையும் தனியாக வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. வண்டித்தாவளத்தில் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் புளியைப் பார்த்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்றார்கள். மரத்தை வெட்டுவதைப்பற்றி அதற்குமேல் நல்லமுத்து பேசவில்லை.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. சித்திரையில் அடுத்த பறிப்பு. இந்தத் தடவை கொப்பரையைச் சமையல்கட்டின் மேலிருந்த சின்ன கான்கிரீட் தளத்தில் காயப்போட்டாள். அங்கே சாயங்காலம்வரை வெயில் இருக்கும். நான்கு நாள் நன்றாகவே காய்ந்தது. ஐந்தாம் நாள் கோடைமழை பிடித்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயை மூடினாள். மழை விடாமல் இரண்டு நாள் கொட்டியது. சூடாக இருந்த பருப்பு மூடிய பாய்க்குள் வேர்த்துப்போனது. பாயை விலக்கிப் பார்த்தால் பாதிக்குமேல் பச்சையும் கறுப்புமாகப் பூசணம்.

நான்தான் மில்லுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மில்லில் இருந்தவர் மூட்டையைக் கொட்டிப் பார்த்தார். "பூசணத்தத் துணியால தொடச்சிட்டு நல்லதோட கலந்து ஆட்டிடலாமே. எண்ணெயில ஒண்ணும் தெரியாது" என்றார்.

பெரியம்மாள் குனிந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். பூசணம் பிடித்ததைத் தனியாகப் பொறுக்கி இன்னொரு சாக்கில் போட ஆரம்பித்தாள்.

"இது சோப்புக்கு எடுப்பாங்கள்ல, அதுக்கே போகட்டுமுங்க. நல்லத மட்டும் ஆட்டுங்க."

"நல்லது அஞ்சு கிலோகூடத் தேறாது."

"தேறுனது போதுமுங்க."

திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில் இருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். முகத்தை வெளியே திருப்பியிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "காளிண்ணா, வானத்த நம்பாத ஒரு வேலயா இருக்கணுமுங்க."

அந்த வேலை ஜானவி மூலமாக வந்தது. ஜானவி இங்கே கூட்டுறவு வங்கியில் வேலைபார்க்கிற பெண். பாலக்காடு டவுனில் இருக்கும் கல்பாத்திக்காரி. நல்லமுத்துவின் இன்சூரன்ஸ் விஷயமாகப் போய்வந்ததில் பெரியம்மாளுக்குப் பழக்கம். நிறைமாதமாக இருந்தவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கேட்டாள்: "மாமி, உங்காத்துல இத்தனை தேங்கா இருக்கே, உருக்கு வெளிச்செண்ணெய் பண்ண மாட்டேளா? குழந்தைக்குத் தேச்சுக் குளிப்பாட்ட வேணும். கடையில வாங்கறதுல நம்பிக்கையே வரல்லை."

உருக்கு வெளிச்செண்ணெய் என்பது தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். கொப்பரையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நன்றாக முற்றிய காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு அரைத்து, பிழிந்து பால் எடுத்து, அடிகனத்த உருளியில் காய்ச்ச வேண்டும். அடுப்புக்குத் தேங்காய்த் தொட்டியும் மட்டையும் வீட்டிலேயே இருக்கிறது. பெரியம்மாள் சரி என்றுவிட்டாள்.

முதல் தடவை தீ அதிகமாகி அடிப்பிடித்தது. பால் திரிந்து, எண்ணெய் பிரிந்து, அடியில் தங்குகிற கசடு பொன்னிறமாகி வரும்போது இறக்க வேண்டும். இவள் இறக்குவதற்குள் கறுத்துப்போயிற்று. எண்ணெயில் கருகல் வாடை. அதை வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை பயத்தில் சீக்கிரமே இறக்கிவிட்டாள். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. வாசனை தெருவரைக்கும் வந்தது. ஜானவிக்குக் குழந்தை பிறந்ததும் அவள் அம்மா வீட்டுக்கு இரண்டு பாட்டில், அவள் சொல்லி அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளுக்கு ஒவ்வொன்று. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் மெச்சினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பெரியம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் அவள் தனக்காக எடுத்துவைத்திருந்த பாட்டில்.

"இத மோந்து பாருங்க காளிண்ணா."

முகர்ந்தேன். லேசாகச் சிக்கு வாடை. கவனித்தால்தான் தெரியும்.

"அடியப் பாருங்க."

அடியில் நூல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு படிவு இருந்தது.

"ஈரம் போகறதுக்கு முன்னால எறக்கிப்போட்டனுங்க. சடசடங்கற சத்தம் முழுசா நின்னிருக்கணும். நான் அதுக்குள்ள எறக்கிட்டேன். வண்டி சும்மாங்களா? கல்பாத்திக்குப் போகணுமுங்க."

"அவங்க யாரும் ஒண்ணும் சொல்லலியே பெரியா."

"அவங்க சொல்றவரைக்கும் அது அங்க இருக்கக் கூடாதுங்க. பச்சக்கொழந்த மேல தேய்க்கறது."

நல்லமுத்து எங்கள் வாசலுக்கு ஊன்றுகோலோடு வந்து நின்றான். "போயிட்டு வா. நானும் வரவா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கல்பாத்தி கோயில் தெருவுக்கு வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். ஜானவியின் அம்மா திரிபுரசுந்தரி கதவைத் திறந்தார். பெரியம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ வாங்கோ. குழந்தையப் பாக்க வந்தேளா?"

"கொழந்தயயும் பாக்கறனுங்க. அதுக்கு முன்னால அந்த எண்ணெய் பாட்டில எடுத்துட்டு வாங்கம்மா. நான் திரும்ப எடுத்துட்டுப் போகணுமுங்க."

திரிபுரசுந்தரிக்குப் புரியவில்லை. "என்னத்துக்கு? ரொம்ப நன்னா இருக்கே. ஒரு பாட்டில் தீந்துபோச்சு, அடுத்தது நேத்திக்குத்தான் திறந்தேன்."

பெரியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பயந்து சீக்கிரம் இறக்கியது, ஈரம் தங்கியது, வீட்டில் வைத்திருந்த பாட்டிலில் வாடை வந்தது. எதையும் சுற்றி வளைக்கவில்லை. உள்ளேயிருந்து ஜானவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல்லையே மாமி."

"இன்னும் நாலு நாள்ல தெரியுமுங்க. கொழந்தைக்கு மேலெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே? சொறி, செவப்பு அப்படி?"

"ஒண்ணும் இல்லை. பாருங்கோ."

பெரியம்மாள் குழந்தையின் கையையும் கழுத்து மடிப்பையும் மெல்ல விலக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மற்ற மூன்று வீடுகளுக்கும் திரிபுரசுந்தரியே கூட வந்தார். ஒரு வீட்டில் எண்ணெய் பாதி தீர்ந்திருந்தது. அவர்களுக்கும் முழுதாகப் புதிது தருவதாகச் சொன்னாள். கடைசி வீட்டில் ஓர் அம்மாள், "இதுக்காகவா பெருமாட்டியிலேந்து ஆட்டோ பிடிச்சுண்டு வந்தேள்?" என்று கேட்டார். பெரியம்மாள் சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் வண்டியில் ஏறியதும் திரிபுரசுந்தரி என்னிடம் குனிந்து, "இவாளை பத்திரமா கொண்டுபோய் விடுங்கோ" என்றார். எனக்கே ஒரு பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பெரியம்மாள் அந்த வாரமே மறுபடி காய் உடைத்தாள். இந்தத் தடவை முறையைக் கொஞ்சம் மாற்றினாள். பிழிந்த பாலை அப்படியே அடுப்பில் வைக்காமல் சில மணி நேரம் அசையாமல் வைத்தாள். கெட்டியான ஏடு மேலே மிதந்து வந்தது, கீழே தண்ணீர் நின்றது. ஏட்டை மட்டும் வழித்து எடுத்துக் காய்ச்சினாள். தண்ணீர் குறைந்ததால் அடுப்பு வேலையும் பாதியாகக் குறைந்தது. தீயைத் தணித்து, கைவிடாமல் கிளறி, சடசடப்பு முற்றிலும் அடங்கும்வரை நின்றாள். கசடு பொன்னிறம் தாண்டி இளம் பழுப்புக்கு வந்த நேரத்தில் இறக்கினாள். துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடிவைத்துத் தெளியவிட்டாள். பாட்டில்களைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலில் காயவைத்துத்தான் ஊற்றினாள். அப்படியும் உடனே விற்கவில்லை. ஒரு பாட்டிலை ஒரு மாதம் அலமாரியில் வைத்துத் தினமும் முகர்ந்து பார்த்தாள். அதன்பிறகே மற்ற பாட்டில்கள் கல்பாத்திக்குப் போயின. கசடில் வெல்லம் போட்டுக் கிளறி எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். அதற்கு ஈடான தின்பண்டம் எந்தக் கடையிலும் கிடையாது.

கல்பாத்தியில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செய்தி போயிற்று. எண்ணெய் நன்றாக இருக்கிறது என்பதைவிட, கெட்டுப்போகும் என்று தானே வந்து திரும்ப எடுத்துப்போனவள் என்பதுதான் பேச்சு. பிரசவம் வைத்திருக்கிற வீடுகளிலிருந்து முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். யோகப்பிரியா லீவுக்கு வந்தபோது அரசாங்கத்தின் இணையச் சேவை நடக்கும் அக்ஷயா மையத்துக்குப் போய் உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துக் கொடுத்தாள். பாட்டிலில் தயாரித்த தேதியைப் போட வேண்டும் என்றும் சொன்னாள். ஒன்பது மரத்துக் காயில் ஒரு பறிப்புக்கு ஐந்தாறு லிட்டருக்குமேல் வராது. வெளியிலிருந்து காய் வாங்கி அதிகமாகச் செய்யலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"என் மரத்துக் காயி என்னைக்குப் பறிச்சதுன்னு எனக்குத் தெரியுமுங்க. வாங்குன காயி எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "பக்கத்து ஊட்டுக் காயி வேணா வாங்கலாமுங்க. அது மரத்துல இருக்கறப்பவே பாத்துட்டு இருக்கறனில்ல" என்றாள். அப்படித்தான் இப்போது செய்கிறாள். எங்கள் வீட்டு மூன்று மரமும் அதில் சேர்த்தி.

வாழையிலும் அவள் தோற்றுத்தான் கற்றுக்கொண்டாள். முதலில் சிப்ஸ் போட்டாள். பாலக்காடு முழுக்கச் சிப்ஸ் கடை. அவர்கள் கைவேகத்துக்கும் பெரிய வாணலிக்கும் இவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இவள் போட்டது மறுநாளே நமுத்துப்போனது. நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக முற்றிய பச்சை நேந்திரனைத் தோல் சீவி, கறுக்காமல் இருக்க மோர்த்தண்ணீரில் போட்டு எடுத்து, மெல்லியதாக நறுக்கி, தளத்தில் வலைத்துணி விரித்துக் காயவைத்தாள். சுள்ளென்று உடைகிற பதத்தில் அரைத்துச் சலித்தால் குழந்தைகளுக்கான கஞ்சிமாவு. வெயில் நிச்சயமாக இருக்கிற மாதங்களில் மட்டும். மேகம் கண்டால் தாரை வெட்டுவதே இல்லை. எண்ணெய் வாங்குகிற வீடுகளிலேயே ஆறேழு மாதம் கழித்து அந்த மாவையும் கேட்கிறார்கள். ஒரே ஒரு தாரை வாங்க எந்த வியாபாரியும் வரமாட்டான். அந்த ஒரு தார் அவளுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

இரண்டாம் வருடம் அவளுடைய மணிக்கட்டு வீங்கியது. துணியில் தேங்காயை முறுக்கி முறுக்கிப் பிழிந்ததன் விளைவு. டாக்டர் கையை ஓய்வில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் நல்லமுத்து என்னைக் கூப்பிட்டு, "காளி, கஞ்சிக்கோட்டுல பழைய இரும்புக் கடைக்குப் போகணும்" என்றான். விபத்து நடந்த பிறகு அந்தப் பக்கமே போகாதவன். கடையில் மூன்று மணி நேரம் துழாவி, லாரிக்கு வைக்கிற ஒரு பழைய திருகு ஜாக்கி, கனமான கோணக் கம்பிகள் கொஞ்சம் எடுத்தான். ஓட்டைகள் போட்ட எவர்சில்வர் உருளை ஒன்றைப் புதிதாக வேறு இடத்தில் செய்யச் சொன்னான்.

"பால் படற எடத்துல எவர்சில்வர் தவிர வேற ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று வெல்டிங் கடைக்காரரிடம் நாலு முறை சொன்னான். கிரீஸ் சொட்டக் கூடாது என்று ஜாக்கிக்குக் கீழே ஒரு தட்டும் வைத்தான். சட்டம் அடித்து, உருளைக்குள் தேங்காய்த் துருவலைத் துணியோடு வைத்து, மேலிருந்து திருகினால் பால் நாலு பக்கமும் வழிந்து கீழே தாம்பாளத்தில் விழுகிற மாதிரிச் செய்தான். நாற்காலியில் உட்கார்ந்தே திருகலாம். முதல்நாள் பிழிந்த சக்கையைப் பெரியம்மாள் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். உலர்ந்து உதிர்ந்தது.

"நான் கையில பிழிஞ்சப்ப இதுல எத்தன பால உட்டிருக்கறனோ" என்றாள்.

"உன்ற கையில இருக்கற வலு வரைக்கும்தான பிழிய முடியும்" என்றான் நல்லமுத்து.

அதற்குப் பிறகு பிழிவது அவன் வேலை. காய்ச்சுவது அவள் வேலை. அதிகாலையில் தெருவில் நடந்தால் திருகு ஏறும் சத்தம் கேட்கும். போன மாதம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஏழெட்டு மரம். பெரியம்மாள் அவர்களை அடுப்படியில் உட்காரவைத்து, தான் கருகவிட்டதையும் சீக்கிரம் இறக்கியதையும் முதலில் சொன்னாள். பிறகுதான் சரியாகச் செய்வதைக் காட்டினாள். புறப்படும்போது அந்த ஆள் பிழியும் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதுபோல ஒன்று செய்துதர முடியுமா என்று நல்லமுத்துவிடம் கேட்டார்.

நல்லமுத்து பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். "உங்க ஊட்டுல பிழியறது யாருங்க? அவங்க உயரம் எவ்வளவு?" என்று கேட்டான். அந்த அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, கை எட்டும் தூரத்தை அளந்துகொண்டான். இப்போது அவன் அந்த இரண்டாவது கருவியைச் செய்துகொண்டிருக்கிறான். நாளை அதற்கு உருளை வாங்க நாங்கள் கஞ்சிக்கோடு போகிறோம்.